சுகர் ஸ்ட்ரிப் எதை எண்ணுகிறது?

சர்க்கரை நோய் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் இந்தப் புலம்பல் காதில் விழும். “வீட்டு மெஷின்ல 188 காட்டுச்சு. லேப்ல 152-னு குடுத்திருக்காங்க. எதை நம்பறது?” பக்கத்தில் இருப்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார். மெஷின் மட்டம் என்பார், இல்லையென்றால் லேப்காரர் சரியாகப் பார்க்கவில்லை என்பார். பெரும்பாலும் இரண்டுமே தப்பான தீர்ப்பு. அந்த 36 எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு முன் ஸ்ட்ரிப்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ட்ரிப்பின் அடிப்பாகம் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதன்மேல் கார்பன் அல்லது தங்கம் போன்ற உலோகத்தால் மெல்லிய கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அவைதான் மின்முனைகள். நுனியில் மிகக் குறுகலான ஒரு வாய்க்கால் உண்டு. ரத்தத் துளியை அதன் வாயில் வைத்ததும் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போகும் ரத்தத்தின் அளவு மாடலைப் பொறுத்து 0.3 முதல் 1 மைக்ரோலிட்டர் வரை. ஒரு மில்லிலிட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோலிட்டர். வாய்க்கால் முழுக்க நிரம்பியதா என்று பார்க்கத் தனியாக ஒரு மின்முனை இருக்கும். அது நிரம்பவில்லை என்று சொன்னால் மெஷின் எண் காட்டாமல் பிழைச் செய்தி காட்டும்.

வாய்க்காலின் தரையில் இரண்டு பொருள்கள் காய்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கின்றன. ஒன்று என்சைம். பல ஸ்ட்ரிப்களில் இது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். அஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சையிலிருந்து எடுப்பது. மற்றவற்றில் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். எதுவானாலும் வேலை ஒன்றுதான்: ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் மூலக்கூறு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்குவது. என்சைமால் அந்த எலக்ட்ரானை நேரே மின்முனையிடம் கொடுக்க முடியாது. அதைக் கைமாற்றிவிடத்தான் இரண்டாவது பொருள். மீடியேட்டர் என்று பெயர். ஃபெர்ரிசயனைடு போன்ற ஒரு சேர்மம் அது. என்சைமிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு மின்முனை வரை நகர்ந்து போய் அங்கே இறக்கிவிடும். மெஷின் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தம் கொடுத்து, ஓடுகிற மின்னோட்டத்தை அளக்கிறது. சில மைக்ரோ ஆம்பியர்தான் வரும். சுமார் ஐந்து விநாடியில் அந்த மின்னோட்டத்தை உள்ளே பதிந்துவைத்திருக்கும் கணக்கின்படி மாற்றி, திரையில் 188 என்று காட்டுகிறது.

ஆக, மெஷின் சர்க்கரையைப் பார்ப்பதில்லை. எலக்ட்ரான்களை எண்ணுகிறது. வந்த எலக்ட்ரான் எல்லாமே இந்த ஆளின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸிலிருந்துதான் வந்தது என்று எடுத்துக்கொள்கிறது. மீடியேட்டர் வழக்கமான வேகத்தில் வந்து சேர்ந்தது என்றும் எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு நம்பிக்கைகளில் எது பொய்த்தாலும் திரையில் எண் மாறும். ஆனால் மாறியது மெஷினுக்குத் தெரியாது.

என்சைமை மின்முனையோடு சேர்த்துக் குளுக்கோஸை அளக்கலாம் என்ற யோசனையை 1962-ல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்தார்கள். மீடியேட்டர் வைத்த முதல் வீட்டு மெஷின் 1987-ல் கடைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த மெஷின்கள் ஸ்ட்ரிப்பில் ஏறும் நிறத்தின் அழுத்தத்தை ஒளியால் அளந்தவை. அவற்றில் ரத்தத்தை நேரம் பார்த்துத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. இன்றைய ஸ்ட்ரிப் நம் கைப்பக்குவத்தை நம்பி இல்லை. அதன் பெரிய முன்னேற்றம் அதுதான்.

இனி லேப்புக்கு வருவோம். நம் ஊரின் நடுத்தர லேப்களில் பரவலாக நடப்பது ஜிஓடி-பிஓடி என்கிற முறை. அதன் முதல் படியில் வேலை செய்வது அதே குளுக்கோஸ் ஆக்சிடேஸ்தான். பலர் நினைப்பதுபோல லேப் வேறு ஏதோ உயர்ந்த ரகசியத்தால் அளப்பதில்லை. குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. பெராக்சிடேஸ் என்ற இரண்டாவது என்சைம் அதைக்கொண்டு ஓர் இளஞ்சிவப்பு நிறத்தை உண்டாக்குகிறது. அந்த நிறத்தின் அடர்த்தியை 505 நானோமீட்டர் ஒளியில் அனலைசர் படிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி லேப்களில் ஹெக்சோகைனேஸ் முறை இருக்கும். அதில் 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் படிப்பார்கள். நம்பகத்தில் அது இன்னும் ஒரு படி மேல்.

என்சைம் ஒன்றே என்றால் வித்தியாசம் எதில்? லேப் ரத்தத்தை அப்படியே தொடுவதில்லை. டியூபை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அணுக்களையெல்லாம் அடியில் தள்ளிவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவை மட்டும் எடுக்கிறது. அதிலும் 10 மைக்ரோலிட்டரை 1,000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்டில் கலக்கிறது. நூறு மடங்கு நீர்த்துப்போன பிறகு, கூடவே வந்த மற்ற பொருள்களின் தொந்தரவு பெரும்பாலும் அடங்கிவிடும். 37 டிகிரியில் பத்து நிமிடம் போல வைத்து, வினை முழுவதும் முடிந்த பிறகுதான் படிக்கிறார்கள். காலையில் முதல் வேலையாக, விடை தெரிந்த கன்ட்ரோல் சீரத்தை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ஸ்ட்ரிப்போ வடிகட்டாத, நீர்க்காத பச்சை ரத்தத்தில், அறையில் இருக்கிற வெப்பத்தில், ஐந்து விநாடியில் முடிவு சொல்ல வேண்டும்.

பச்சை ரத்தத்தில் முதல் தடங்கல் சிவப்பணுக்கள்தான். ரத்தத்தின் கொள்ளளவில் சிவப்பணுக்களுக்குச் சேர்ந்த பங்கை ஹீமட்டோகிரிட் என்பார்கள். நம் ஊர் ரத்தப் பரிசோதனைத் தாளில் அது பி.சி.வி. என்று இருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம். வாய்க்காலுக்குள் இவ்வளவு அணுக்கள் அடைத்துக்கொண்டு நிற்கும்போது, மீடியேட்டரும் குளுக்கோஸும் கூட்ட நெரிசலான கடைத்தெருவில் நடப்பதுபோல வளைந்து ஒதுங்கித்தான் மின்முனைக்குப் போய்ச் சேர முடியும். அந்தத் தாமதத்தையும் சேர்த்தே தயாரிப்பாளர் கணக்கை எழுதியிருக்கிறார். ரத்தசோகை உள்ளவரின் ரத்தத்தில் அணுக்கள் குறைவு, வழி காலி. அதே ஐந்து விநாடியில் அதிக எலக்ட்ரான் வந்து சேர்கிறது. அந்த இடத்தை அணுக்களுக்குப் பதில் பிளாஸ்மா நிரப்பியிருப்பதால், வினையில் கலந்துகொள்ளும் குளுக்கோஸும் கூடுதல். விளைவு: உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அணுக்கள் அதிகம் உள்ளவருக்கு நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். பிறந்த குழந்தைகளின் ரத்தம் இயல்பிலேயே அப்படி அடர்த்தியானது. குழந்தைகள் வார்டில் ஸ்ட்ரிப் காட்டும் குறைந்த அளவை லேப்பில் சரிபார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது எங்கோ யாருக்கோ வரும் சிக்கல் என்று விட்டுவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. சிறுநீரகம் பழுதான சர்க்கரை நோயாளிகளுக்கு அது இன்னும் கடுமையாக இருக்கும். மாதவிடாய்ப் போக்கு அதிகமுள்ளவர்கள், கர்ப்பகாலச் சர்க்கரைக்காக வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லாரும் இதில் அடக்கம். ஆனால் மெஷின் வாங்கும்போது, “உங்க பி.சி.வி. எவ்வளவு?” என்று எந்தக் கடையிலும் கேட்பதில்லை. ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளில் அது இருக்கிறது. சில ஸ்ட்ரிப்கள் 30 முதல் 55 வரைதான் சரியாக வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். சிலவற்றில் 20 முதல் 60 வரை. விலை கூடிய மாடல்கள் சில, முதலில் ஒரு சிறு மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி ரத்தத்தின் மின்தடையிலிருந்தே ஹீமட்டோகிரிட்டைக் கணித்து, அதற்கேற்பத் திருத்திக்கொள்கின்றன. ரத்தசோகை இருப்பவர் கூடுதல் காசு கொடுக்க வேண்டியது இந்த வசதிக்குத்தான். ப்ளூடூத்துக்கு அல்ல.

இதில் ஆபத்து எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். 180-ஐ 195 என்று காட்டினால் பெரிய நஷ்டமில்லை. டயாலிசிஸில் இருப்பவர், பி.சி.வி. 24, இன்சுலின் போடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான அளவு 62-க்கு இறங்கிவிட்டது. ஸ்ட்ரிப் 74 என்று காட்டுகிறது. 70-க்குக் கீழே போனால்தான் தாழ்சர்க்கரை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வியர்க்கிறது, கை நடுங்குகிறது, ஆனால் மெஷின் பரவாயில்லை என்கிறது. அந்த இடத்தில் உடம்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட்ட பிறகு எண்ணைப் பற்றி யோசித்தால் போதும்.

அடுத்தது, ரத்தம் எடுத்த இடம். விரல் நுனியில் வருவது தந்துகி ரத்தம். அது தமனியிலிருந்து திசுக்களுக்குள் நுழையும் ரத்தத்தோடு நெருங்கிய உறவு. லேப் எடுப்பது முழங்கை மடிப்பில் உள்ள சிரையிலிருந்து. அதாவது திசுக்கள் தமக்கு வேண்டிய குளுக்கோஸை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பி வரும் ரத்தம். வெறும் வயிற்றில் திசுக்கள் பெரிதாக எதுவும் எடுப்பதில்லை என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சாப்பிட்ட பிறகு இன்சுலின் வேலை செய்யத் தொடங்கியதும் இடைவெளி விரிகிறது. பத்து சதவீதம் சாதாரணம். இருபது சதவீதமும் வரலாம். சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவில்தான் வீட்டுக்கும் லேப்புக்கும் சண்டை அதிகம் வருவது இதனால்தான். இதில் யாருடைய பிழையும் இல்லை. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு ரத்தம்.

லேப் பக்கம் ஒரு பலவீனம் உண்டு. அதைப் பற்றி நோயாளிகள் அதிகம் கேள்விப்படுவதில்லை. டியூபுக்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் சோடியம் ஃபுளூரைடு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஃபுளூரைடு தடுப்பது, குளுக்கோஸைச் சிதைக்கும் தொடர்வினையின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரு என்சைமை. முன்னால் உள்ள படிகள் உடனே நிற்பதில்லை. முழுப் பலன் கிடைக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகிறது, அதற்குள் கொஞ்சம் போய்விடுகிறது. சிட்ரேட் சேர்த்த டியூப் ரத்தத்தைப் புளிப்பாக்கி முதல் படியையே நிறுத்திவிடும். அது நம் பக்கம் இன்னும் பரவலாகவில்லை. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் நாலு வீடு ஏறி இறங்கி மதியம் லேப் சேரும் சேவைகளில், இந்தக் குறைவை நான் கட்டாயம் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

இப்போது அந்த 188-க்கும் 152-க்கும் கணக்குப் போடலாம். அந்த அம்மா காலை டிபன் முடித்து இரண்டு மணி நேரம் கழித்து, வீட்டில் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறார். அதே நேரத்தில் லேப் ஆள் வந்து கையில் ரத்தம் எடுத்திருக்கிறார். அவருடைய பி.சி.வி. 30. அந்தக் கணத்தில் சிரை ரத்தத்தின் பிளாஸ்மாவில் உண்மையான அளவு 160 என்று கொள்வோம். டியூப் ஒன்றரை மணி நேரம் வெளியில் சுற்றியது. ஃபுளூரைடு இருந்தும் 5 சதவீதம் போய்விட்டது. 160-ல் 8 கழிந்தால் 152. லேப் தன் கையில் வந்த பிளாஸ்மாவைச் சரியாகத்தான் அளந்திருக்கிறது. இந்தப் பக்கம், சாப்பிட்ட பிறகு என்பதால் விரலில் அளவு 10 சதவீதம் கூடுதல், அதாவது 176. ரத்தசோகையால் அந்த ரக ஸ்ட்ரிப் 7 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று வைத்தால் 188. லேப்போடு ஒப்பிட்டால் 24 சதவீதம் தள்ளி நிற்கிற இதே மெஷின், தான் உறிஞ்சிய ரத்தத்தோடு ஒப்பிட்டால் 7 சதவீதம்தான் தப்பியிருக்கிறது.

அந்த 7 சதவீதம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். வீட்டு மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரநிலை 2013-ல் திருத்தப்பட்டது. அதன்படி 100 மி.கி.க்கு மேல் இருந்தால் நூற்றுக்கு 95 முடிவுகள் உண்மையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழ் என்றால் 15 மி.கி.க்குள். 140 உள்ளவருக்கு ஒரு நல்ல மெஷின் 119 என்றும் காட்டலாம், 161 என்றும் காட்டலாம் என்று பொருள். மீதி ஐந்து முடிவுகள் அதற்கும் வெளியே போகலாம். இந்தச் சோதனையில் ஒப்பீட்டுக்கு எடுப்பது அதே விரலின் ரத்தத்தை, அதுவும் உடனுக்குடன் பிரித்து. ஊர் சுற்றி வந்த டியூபோடு அல்ல. சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்று முதன்முதலில் தீர்மானிக்க வீட்டு மெஷினை நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. வெறும் வயிற்றில் 126 என்பது நோயின் எல்லைக்கோடு. உண்மையில் 115 உள்ளவரையும் 135 உள்ளவரையும் ஸ்ட்ரிப் 125 என்றே காட்டிவிடலாம்.

இதுவரை பார்த்தவை ஓரளவு கணிக்கக்கூடிய விலகல்கள். இனி வருவது குளுக்கோஸ் அல்லாதவை எலக்ட்ரானைக் கொட்டுகிற கதை.

முதலில் விரல். 100 மி.கி. அளவுள்ள ரத்தத்தில் அரை மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் இருக்கும் குளுக்கோஸ் அரை மைக்ரோகிராம். ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. விரல் நுனியில் இன்னொரு அரை மைக்ரோகிராம் குளுக்கோஸ் ஒட்டியிருந்து துளியோடு கலந்தால், திரையில் 200 வரும். கண்ணுக்கும் தெரியாது, பிசுபிசுப்பும் தெரியாது. திராட்சை, வாழை, தேன், குளுக்கோஸ் பவுடர் ஆகியவற்றைத் தொட்ட விரல்தான் இதில் பேர்போனது. வெள்ளைச் சர்க்கரை அவ்வளவு ஏமாற்றுவதில்லை, ஏனென்றால் அது சுக்ரோஸ். என்சைம் அதைச் சட்டை செய்யாது. ஜப்பானில் பழம் உரித்த விரல்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. பலமுறை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் அளவு உயர்வாகவே வந்தது, குழாய்த் தண்ணீரில் கழுவியபோது சரியாகிவிட்டது. குளுக்கோஸ் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஸ்பிரிட்டில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே பஞ்சைவிடக் குழாய் மேல். கழுவிய கையை நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் துளி நீர்த்து அளவு குறையும்.

வைட்டமின் சி விவகாரம் இதைவிட விநோதமானது. அஸ்கார்பிக் அமிலம் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் பொருள். என்சைம் இல்லாமலே மீடியேட்டருக்கும் மின்முனைக்கும் நேரே கொடுத்துவிடும். தினமும் ஒரு சப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் கவலைப்பட வேண்டியதில்லை. கிராம் கணக்கில் சிரை வழியாக ஏற்றுகிறார்களே, அதுதான் பிரச்சினை. பெரிய தீக்காயங்களுக்கும் சில மாற்றுச் சிகிச்சைகளிலும் அப்படி ஏற்றுவதுண்டு. அப்போது பல ஸ்ட்ரிப்கள் மிக உயர்ந்த எண்ணைக் காட்டும். சந்தேகப்பட்டு லேப்புக்கு அனுப்பினால், அங்கே ஜிஓடி-பிஓடி முறையில் நேர்மாறு நடக்கிறது. நிறம் உண்டாக்க வேண்டிய பெராக்சைடை வைட்டமின் சி தின்றுவிடுவதால் லேப் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஹெக்சோகைனேஸ் முறையில் பெராக்சைடே கிடையாது, அதனால் அங்கே சரியாக வரும். லேப் முடிவு என்றாலே கடைசி வார்த்தை என்று நினைப்பவர்கள், எந்த முறை என்றும் கேட்க வேண்டிய இடம் இது.

ஆக்சிஜன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் இயற்கையில் எலக்ட்ரானைக் கொடுப்பது ஆக்சிஜனிடம். மீடியேட்டர் பிறகு வந்த போட்டியாளர். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் ஏற்றப்படும் நோயாளியின் ரத்தத்தில் அது மிகுந்திருந்தால், எலக்ட்ரான்களில் ஒரு பங்கை அது கொண்டுபோய்விடும், எண் குறையும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாத குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸுக்குப் பல தயாரிப்பாளர்கள் மாறினார்கள்.

அந்த மாற்றம் வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. டிஹைட்ரஜனேஸ் தனியாக வேலை செய்யாது, கூடவே ஒரு துணைப்பொருள் வேண்டும். பிக்யூக்யூ என்ற துணைப்பொருளோடு வந்த ரகம் வேகமானது, ஆனால் அதற்குக் குளுக்கோஸுக்கும் மால்ட்டோஸுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்ததுதான் மால்ட்டோஸ். சாதாரண மனிதர் ரத்தத்தில் மால்ட்டோஸ் இருக்காது என்பதால் யாரும் கவலைப்படவில்லை. வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் பெரிட்டோனியல் டயாலிசிஸில், இரவு முழுக்க உள்ளே நிறுத்த ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைச் சிலருக்குக் கொடுப்பார்கள். அதில் ஒரு பகுதி ரத்தத்தில் ஏறி, மால்ட்டோஸாக உடைகிறது. ஸ்ட்ரிப் அதையும் சேர்த்து எண்ணி, சர்க்கரை ஏறிவிட்டது என்று காட்டியது. அதை நம்பி இன்சுலின் போட்டார்கள். உண்மையான குளுக்கோஸ் தரைமட்டத்துக்குப் போனது. திரும்பப் பார்த்தாலும் ஸ்ட்ரிப் உயர்வாகவே காட்டும், இன்னும் இன்சுலின் போடச் சொல்லும்.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. 1997 முதல் அதுவரை இவ்வகை ஸ்ட்ரிப்களோடு தொடர்புடைய 13 மரணங்கள் தனக்குத் தெரிவிக்கப்பட்டதாக அது சொன்னது. அவர்களில் 10 பேர் ஐகோடெக்ஸ்ட்ரின் பெற்றவர்கள். அதன்பிறகு தயாரிப்பாளர்கள் என்சைமையே மாற்றியமைத்தார்கள், அல்லது எஃப்ஏடி என்ற வேறு துணைப்பொருளுக்கு மாறினார்கள். அந்தப் புது ரகம் மால்ட்டோஸைக் கண்டுகொள்வதில்லை. இருந்தாலும் வயிற்று டயாலிசிஸில் உள்ளவர் புது பிராண்டு ஸ்ட்ரிப் வாங்கினால், பெட்டித்தாளில் மால்ட்டோஸ் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். திரவத்தை நிறுத்திய பிறகும் சுமார் இரண்டு வாரம் வரை அதன் மிச்சம் ரத்தத்தில் இருக்கலாம். வேறு காரணத்துக்கு வேறு ஆஸ்பத்திரியில் சேரும்போது அங்கே இருப்பவர்களிடம் இதைச் சொல்வது நோயாளி வீட்டாரின் பொறுப்பாகிறது, அவர்களுக்கு இது தானாகத் தெரிய வழியில்லை.

ஸ்ட்ரிப் தானே கெட்டுப்போவதும் உண்டு. காய்ந்த என்சைமுக்கும் மீடியேட்டருக்கும் ஈரக்காற்று ஆகாது. டப்பாவின் உட்சுவரிலோ மூடியிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருப்பது அதற்காகத்தான். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மூடியைத் திறந்துபோட்டால் சில நாளிலேயே சேதம் தொடங்கிவிடும். மீடியேட்டர் கெட்டால் எண் ஏறலாம், என்சைம் கெட்டால் இறங்கலாம், ஆகவே எந்தப் பக்கம் தப்பும் என்று சொல்ல முடியாது. பயணத்துக்கு நாலு ஸ்ட்ரிப்பைப் பேப்பரில் மடித்து எடுத்துப் போகிறவர்கள் உண்டு. டப்பாவோடு எடுத்துப்போக வேண்டும். ஃப்ரிட்ஜில் வைப்பதும் கூடாது, வெளியே எடுக்கும்போது உள்ளே பனித்துவிடும். வெயிலில் நிறுத்திய காரில் மெஷினை விட்டிருந்தால், அரை மணி நேரம் நிழலில் வைத்த பிறகு பாருங்கள். மெஷின் தன் உடம்பில் இருக்கும் வெப்பமானியை வைத்துத்தான் ஸ்ட்ரிப்பின் வெப்பத்தை ஊகித்துத் திருத்துகிறது.

ஸ்ட்ரிப் கெட்டதா என்று பார்க்க கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு சின்ன பாட்டில் தனியாக விற்கிறார்கள். குளுக்கோஸ் அளவு தெரிந்த திரவம் அது. ஒரு துளி விட்டால் டப்பாவின் மேல் அச்சிட்ட வரம்புக்குள் எண் வர வேண்டும். நம் ஊர் மெடிக்கல் ஷாப்களில் கேட்டால் பலர் முழிப்பார்கள். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தால் கிடைக்கும்.

மெஷினை லேப்போடு ஒப்பிட விரும்புகிறவர் அதற்கென்று ஒருநாள் காலை வெறும் வயிற்றில் மெஷினை எடுத்துக்கொண்டு லேப்புக்கே போவது நல்லது. வெறும் வயிறு என்றால் விரலும் சிரையும் ஏறக்குறைய ஒன்று. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கையில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். டியூபை அரை மணி நேரத்துக்குள் சுழற்றிவிடுவார்களா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பி.சி.வி.யும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களுக்கும் 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் மெஷின் சரி. அதற்கு மேல் என்றால் கன்ட்ரோல் சொல்யூஷன். அதிலும் தப்பினால் புது டப்பா ஸ்ட்ரிப். கன்ட்ரோல் சரியாக வந்தும் உங்கள் ரத்தத்தில் மட்டும் தப்புகிறது என்றால் பழுது ஸ்ட்ரிப்பில் இல்லை. பி.சி.வி. எண்ணையும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.